மருதாணி போட்ட முதல் நாள் ஆரஞ்சு நிறம்

இரண்டு கண்ணிமைகளும் வீங்கி, காது மடலில் நீர் கசிய ஒரு அம்மா என்னிடம் வந்தார். நரைக்கு மருதாணிதான் போட்டதாகச் சொன்னார். கேட்கக் கேட்க முழுக்கதை வந்தது. முதல் நாள் சுத்தமான மருதாணிப் பொடியைப் போட்டு அலசியிருக்கிறார். காதோர நரை பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் நிற்க, பயந்துபோய் மறுநாளே 'கருப்பு மருதாணி' என்று விற்ற பொடியை அதன் மேல் பூசிவிட்டார்.

இரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. காற்றுப் பட்டு அது முழுதாக நிறம் மாற இரண்டு மூன்று நாள் ஆகும். அப்போது ஆரஞ்சு அடங்கி, செம்பழுப்பாகும். ஆனால் கருப்பாகாது. கருமுடியில் நிறம் தெரியவே தெரியாது, வெயிலில் நின்றால் லேசாகச் செம்மை தட்டும், அவ்வளவுதான். அதனால் நரை அங்கங்கே இருந்தால் செம்பட்டைக் கீற்றுகள் போல அழகாகவே இருக்கும். தலை முழுக்க நரைத்திருந்தால் தலை முழுக்கச் செம்பட்டைதான்.

என்ன நிறம் வரும் என்று முன்பே பார்க்க ஒரு வழி உண்டு. சீப்பில் வரும் நரைமுடிகளைச் சேர்த்து நூலால் கட்டி, குழைத்த விழுதில் மூன்று மணி நேரம் வைத்து அலசுங்கள். இரண்டு நாள் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். கருமை வேண்டும் என்றால், மருதாணியை அலசிய பிறகு தனியாக அவுரி இலைப் பொடியைக் குழைத்துப் போடலாம்.

சுத்தமான மருதாணியால் கருப்பு வராது. ஆகவே ஒரே பூச்சில், ஒரு மணி நேரத்துக்குள் கருப்பாக்கும் 'மருதாணி' என்றால் அதில் பிபிடி என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அந்த அம்மாவின் வீக்கம் அதன் ஒவ்வாமைதான். ஒருமுறை வந்துவிட்டால், பிபிடி உள்ள எந்த டை போட்டாலும் திரும்ப வரும். எந்தப் பொடியானாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பாருங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் மருதாணியே போட வேண்டாம், ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம்.

சருமத்தில் கறை படிவது வேறு விஷயம், அது ஒவ்வாமை இல்லை. நெற்றி, காது, கழுத்தில் பட்ட கறை சில நாளில் மங்கிவிடும். உள்ளங்கையில் தோல் தடிமன் என்பதால் ஒன்றிரண்டு வாரம் நிற்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நெற்றியோரம் வாசலின் தடவும்போது நரைமுடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட இடத்தில் சாயம் சரியாக ஏறாது. அப்புறம், கறையைத் தேய்த்து எடுக்கப் போய்த் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஏறிய சாயம் எளிதில் போகாது, மெல்ல மங்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முடி வளர்வதால், இரண்டு மூன்று வாரத்தில் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்க்கும். அப்போது வேருக்கு மட்டும் போட்டால் போதும்.