ஸ்கேல்: காலி மனைப் படத்தில் மரம் வைப்பவருக்கு ‘ஒப்பளவு’

காலி மனையின் படத்தில் மரமும் செடியும் சேர்த்துக் காட்டும்போது, ‘ஸ்கேல் இடிக்குதே’ என்று வாடிக்கையாளர் சொல்வதுண்டு. மரம் நிற்கிற இடத்துக்கு அதன் உயரம் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள்.

லத்தீனில் ‘ஸ்காலா’ என்றால் ஏணி. ஏணிப்படி போலச் சம இடைவெளியில் கோடு போட்ட அளவுக் கருவிக்கு அந்தப் பெயர் வந்தது. அப்புறம் வரைபடத்துக்கும் நிஜப் பொருளுக்கும் உள்ள விகிதத்தையும் அது குறித்தது. தராசைச் சொல்லும் ‘ஸ்கேல்’ வேறு வேரில் பிறந்த சொல்.

தமிழில் கருவிக்கு ‘அளவுகோல்’ சரி. மென்பொருளில் மரத்தை இழுத்துப் பெரிதாக்குவது வெறும் அளவுமாற்றம். நம் வேலைக்கு ‘ஒப்பளவு’ என்பதே பொருத்தம் என்பேன், ஏனென்றால் எதனோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வியை அது கூடவே எழுப்புகிறது.

ஒப்பிடச் சிறந்தது கண்மட்டக் கோடு, அதாவது படத்தில் கேமராவின் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு. தரை சமமாக இருந்து, கேமராவைச் சாய்க்காமல் 1.6 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால், எவ்வளவு தூரத்தில் நிற்கும் பொருளையும் அந்தக் கோடு 1.6 மீட்டரில்தான் வெட்டும். கோடு தெரியவில்லையா? மதில் சுவரின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் நீட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளி வழியாகக் கிடைக்கோடு போட்டால் அதுதான்.

ஆறு மீட்டர் மரம் ஒன்றை வைக்க வேண்டும் என்று கொள்வோம். அடிமரம் தரையைத் தொடும் புள்ளி கோட்டுக்குக் கீழே 200 பிக்சலில் இருக்கிறது. அப்படியென்றால் 200 பிக்சல் என்பது 1.6 மீட்டர், ஒரு மீட்டருக்கு 125 பிக்சல். மரத்தின் உயரம் 750 பிக்சல். அதே மரத்தைப் பின்னால் தள்ளி, அடிப்பகுதி கோட்டுக்கு 80 பிக்சல் கீழே வரும்படி வைத்தால், மீட்டருக்கு 50 பிக்சல். மரம் 300 பிக்சல்தான். புதருக்கு இன்னும் எளிது. 0.8 மீட்டர் செடியின் உச்சி, எங்கே வைத்தாலும் அதன் அடிப்பகுதிக்கும் கோட்டுக்கும் நடுப்பாதியில் நிற்கும்.

உயரம் சரியாக வந்தும் கண் உறுத்தினால் இலையைப் பாருங்கள். வளர்ந்த மரத்தின் படத்தைச் சுருக்கிப் புதராக்கினால் இலைகள் பொடியாகிவிடும். புதரைப் பெரிதாக்கி மரமாக்கினால் ஒவ்வொரு இலையும் தட்டு அகலத்துக்கு விரியும். கன்றுக்குக் கன்றின் படத்தையே எடுக்க வேண்டும். நட்ட அன்று இருக்கும் உயரமா, வளர்ந்த பின் உயரமா என்பதையும் படத்தின் கீழே எழுதிவிடுவது நல்லது.

மனை சரிவாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மரம் வரப்போகும் ஒவ்வொரு இடத்திலும், உயரம் தெரிந்த கம்பு ஒன்றை ஆள் பிடித்து நிற்க, கேமராவை நகர்த்தாமல் இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.