‘தெரியலை’ என்பவருக்கு உண்மையிலேயே தெரியவில்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “இரண்டு வருடமாகப் பழகுகிறோம். என்மேல் உனக்கு என்ன உணர்வு என்று எப்போது கேட்டாலும் ‘சரியாத் தெரியலை’ என்கிறார். நிஜமாகவே குழப்பமா, இல்லை இழுத்தடிக்கிறாரா?”

கண்ணைப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஏராளமான ஆய்வுகளை உளவியலாளர்கள் சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் கணிப்பு சராசரியாக 54 சதவீதம்தான் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். பொய் கண்டறியும் கருவியும் அளப்பது உடலின் பதற்றத்தை, பொய்யை அல்ல. அதற்கு இன்னமும் பணம் ஒதுக்கப்படுவது சோதிடத்துக்கு ஒதுக்குவது போலத்தான் எனக்குப் படுகிறது.

சரி, உணர்வு எப்படித் ‘தெரிகிறது’? இதயத் துடிப்பு, வயிற்றின் இறுக்கம், மூச்சின் வேகம் எல்லாம் நரம்புகள் வழியே ஓயாமல் மூளைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதிக்கு அவற்றைச் சேர்த்துப் படிப்பதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தச் செய்திகள் பெயர் எழுதிய சீட்டோடு வருவதில்லை. படபடப்பு என்பது பயத்திலும் உண்டு, ஆசையிலும் உண்டு, கூடுதலாகக் குடித்த காபியிலும் உண்டு. எதனால் வந்தது என்பதைச் சூழலையும் பழைய அனுபவத்தையும் வைத்து மூளைதான் ஊகிக்கிறது. அந்த ஊகத்தைத்தான் நாம் ‘என் உணர்வு’ என்கிறோம். எனக்கு இதில் அலுக்காத வியப்பு இதுதான்: சொந்த மனதைப் பற்றிக்கூட நமக்குக் கிடைப்பது நேரடிச் செய்தி அல்ல, ஒரு விளக்கவுரை.

அந்த விளக்கவுரை சிலருக்கு மங்கலாகவே வருகிறது. 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். பொதுமக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது கவனிக்கத்தக்க அளவில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவர்களுக்கு உணர்வே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தூக்கம் போகும், வயிறு கலங்கும். அது கோபமா துக்கமா என்று பிரிப்பதுதான் சிரமம். இது நோய் அல்ல, கூடவும் குறையவும் இருக்கிற ஓர் இயல்பு. 20 வாக்கியங்கள் கொண்ட டொராண்டோ அளவுகோலால் அளக்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: தன் உணர்வைப் படிக்கத் தெரியாதவரிடமே அதைப் பற்றி மதிப்பெண் போடச் சொல்கிறோம்.

இனி வாசகரின் நண்பருக்கு வருவோம். கேள்வியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படி இருந்தது என்று கேட்டால், “தோள் எல்லாம் இறுகிப்போச்சு, ரெண்டு நாள் சாப்பிடவே பிடிக்கலை, கோபமான்னு தெரியலை” என்கிறாரா? அப்படியானால் மங்கல் எல்லாத் திசையிலும் இருக்கிறது. “கோபம் இல்லை, அவமானமா இருந்தது, அந்தப் பையன்மேல் கொஞ்சம் பொறாமையும்தான்” என்று இழை பிரித்துச் சொல்கிறவர், உங்கள் கேள்விக்கு மட்டும் மங்கிப்போகிறார் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

அவசரப்படவும் வேண்டாம். எதிரெதிரான இரண்டு உணர்வுகள் ஒரே நேரத்தில் வலுவாக இருந்தாலும் ‘தெரியலை’ என்றுதான் வாயில் வரும். ஆனால் அப்படிப்பட்டவரால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும்: “உன்கூட இருந்தா நிம்மதியா இருக்கு, வாழ்க்கை முழுக்கன்னு நினைச்சா மூச்சு முட்டுது.” கேட்க வலிக்கும், ஆனாலும் அது பதில்.

‘ஏன்’ என்று குடைவது உதவாது. உளவியலாளர் டிமோத்தி வில்சனும் சகாக்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், காதலர்கள் சிலரிடம் உறவு இப்போதிருக்கிற நிலைக்கான காரணங்களை அலசிவிட்டு, பிறகு உறவை மதிப்பிடச் சொன்னார்கள். காரணம் தேடாதவர்களின் மதிப்பீடு, சில மாதங்கள் கழித்து அவர்கள் சேர்ந்திருந்தார்களா என்பதோடு நன்றாகவே பொருந்தியது. அலசியவர்களின் மதிப்பீட்டில் அந்தப் பொருத்தம் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. வாயில் எளிதாக வந்த காரணங்கள் அசல் உணர்வை மறைத்துவிட்டன என்பதுதான் அவர்களின் விளக்கம். அதனால் ‘ஏன்’ என்பதற்குப் பதில் ‘எப்போது’ என்று கேளுங்கள்: நான் ஊரில் இல்லாத வாரம் எப்படிப் போனது, என் அழைப்பு வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

அப்புறம், உணர்வையும் முடிவையும் பிரித்துவிடுங்கள். “என்னைக் காதலிக்கிறாயா” என்பதற்குத் தெரியாது என்பது நியாயமான பதிலாக இருக்கலாம். “இந்த மாதம் உன் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்வாயா” என்பதற்கு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆய்வு முடிவாக அல்ல, என் கணிப்பாகச் சொல்கிறேன்: குழம்பியவர் இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ, ‘ஒரு மாதம் தா, அதற்குள் சொல்கிறேன்’ என்றோ சொல்லி, அந்தத் தேதியில் தானே பேச்சை எடுப்பார். இழுத்தடிப்பவரிடம் தேதி தள்ளிக்கொண்டே போகும், ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.