ரிஜெக்ட் ஆன போல்ட் எந்த மெஷின்ல இருந்து வந்துச்சு?

போல்ட் போடுற யூனிட்ல குவாலிட்டி பாக்குற ஆள் நான், அடிக்கடி பாக்குற ஒரு தப்ப சொல்றேன். போல்டெல்லாம் கொட்டி வைக்கிற பின்ல ஒரு ரிஜெக்ட் போல்ட் கிடைச்சா போதும், உடனே சூப்பர்வைசர் "பழைய மெஷின்தான் சார், அதுலதான் ரிஜெக்ஷன் ஜாஸ்தி"ன்னு சொல்லிடுவாரு, நாங்களும் தலையாட்டிட்டு அந்த மெஷின நிறுத்தி டையெல்லாம் கழட்டிப் பாப்போம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 10,000 போல்ட்னு வச்சுக்கோங்க. பழைய மெஷின் 1,000 தான் போடும், அதுல 6% ரிஜெக்ட், அதாவது 60. ரெண்டாவது மெஷின் 3,000 போடும், 3%, அப்போ 90. புது மெஷின் 6,000 போடும், 2% தான், ஆனா அதுவே 120 ஆயிடுது. மொத்தம் 270, அதாவது 2.7%. மூணு மெஷின்ல இருந்தும் வர்ற ரிஜெக்ட தனித்தனியா கணக்கு போட்டுக் கூட்டுறோம்ல, இதைத்தான் புக்ல மொத்த நிகழ்தகவு விதின்னு சொல்றாங்க.

இப்ப திருப்பிக் கேளுங்க. கையில இருக்கிற ரிஜெக்ட் போல்ட் பழைய மெஷினோடதா? 60/270, சுமாரா 22%. புது மெஷினோடதா? 120/270, 44%. ரிஜெக்ஷன் ரேட் கம்மியா இருக்கிற மெஷின்தான் முதல் சந்தேகத்துக்குரிய ஆளு! "பழைய மெஷின்ல போட்டா 6% ரிஜெக்ட்" வேற, "ரிஜெக்ட்னா பழைய மெஷின்" வேற, நடுவுல எது எவ்ளோ போடுதுன்ற கணக்கு நிக்குது. மூணையும் (22, 33, 44) கூட்டினா ரவுண்டிங் போக 100 வரணும், வரலைன்னா எங்கயோ கோட்டை விட்டுட்டீங்க.

இந்த 44% கல்வெட்டு இல்ல. புது மெஷின் அன்னைக்கு பாதி நாளுக்கு மேல படுத்து 2,000 மட்டும் போட்டிருந்தா அதோட ரிஜெக்ட் 40, மொத்தம் 190, பங்கு 21% தான், பழசு 32%க்கு ஏறிடும். அதனால மாசக் கணக்க வச்சு இன்னைக்கு பின்ல இருக்கிற சரக்கப் பத்தி பேசாதீங்க, அன்னைக்கு ப்ரொடக்ஷன் எண்ணிக்கைய எடுங்க. பின்ல மூணு மெஷின் சரக்கும் நல்லா கலந்திருக்கணும், மேல இருந்து மட்டும் அள்ளினா கடைசியா கொட்டின மெஷின்தான் கையில வரும். அப்புறம் அந்த 6% எத்தனை பீஸ் பாத்து வந்ததுன்னு கேளுங்க, 50 பாத்து 3 ரிஜெக்ட்னா அத நம்பி டை மாத்த முடியாது.

இன்னொன்னு, ரிஜெக்ட் எந்த வகைன்னு தெரிஞ்சா விடை மொத்தமா மாறும். பழைய மெஷினோட 60ல 45 மரை கோளாறு, ரெண்டாவதுல 20, புதுசுல 10னு வச்சா மொத்தம் 75. அப்ப மரை போன போல்ட் பழைய மெஷின்ல வந்திருக்க 45/75, அதாவது 60% வாய்ப்பு. சூப்பர்வைசர் சொன்னது மரை விஷயத்துல மட்டும் சரி, மத்த 195 ரிஜெக்ட்ல பழசோட பங்கு வெறும் 15.