வளராமலே பெருகும் கரு: கருவுற்ற முதல் வாரத்தில் நடப்பது

பாடநூல் படங்களில் ஒரு செல், இரண்டு செல், நான்கு செல் என்று போகப்போக உருண்டை பெரிதாகிக்கொண்டே போவதுபோல வரைந்திருப்பார்கள். அது தவறான படம். கருவுற்ற மனித முட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். நான்காம் நாள்வரை செல்களின் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, மொத்த அளவு கூடுவதில்லை. இருக்கிற சைட்டோபிளாசமே பங்கு போடப்படுகிறது. எட்டுச் செல் நிலையில் ஒவ்வொரு செல்லின் கன அளவும் முட்டையின் எட்டில் ஒரு பங்கு. அதாவது அதன் குறுக்களவு பாதியாக, 0.05 மில்லிமீட்டராகக் குறைந்திருக்கும்.

அளவு கூடாமல் இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. சாதாரணச் செல் ஒரு முறை பிரிந்த பிறகு வளர்ந்து பழைய அளவுக்கு வந்துதான் மறுபடி பிரியும். கருவின் செல்கள் அந்த வளரும் கட்டத்தை ஏறக்குறைய விட்டுவிட்டு டி.என்.ஏ.வைப் படியெடுப்பதற்கும் அடுத்த பிரிவுக்கும் நேராகப் போய்விடுகின்றன. இன்னொன்று, முட்டையைச் சுற்றியுள்ள ஸோனா பெலுசிடா என்ற புரத உறை. கண்ணாடிபோலத் தெளிவான இந்த உறைதான் செல்கள் சிதறிப்போகாமல் பார்த்துக்கொள்கிறது. கருக்குழாயில் உருண்டு வரும் கரு வழியிலேயே சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் இதே உறைதான்.

உடலுக்குள் இதையெல்லாம் நேரில் பார்க்க வழியில்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப் ஆய்வகங்களிலிருந்து வந்தது. 37 டிகிரி வெப்பத்தில், சுமார் 6 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் 5 சதவீதம் ஆக்சிஜனும் உள்ள இன்குபேட்டருக்குள் கேமரா வைத்துச் சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுக்கிறார்கள். வெளிக்காற்றில் 21 சதவீதம் இருக்கும்போது ஆக்சிஜன் ஏன் இவ்வளவு குறைவு? கருக்குழாயிலும் கருப்பையிலும் ஆக்சிஜன் அப்படித்தான் குறைவாக இருக்கிறது. அதிக ஆக்சிஜனில் வளர்ந்த கருக்கள் பின்தங்குகின்றன.

ஒரு கருவை மணிக்கணக்கு வைத்துத் தொடர்ந்து பார்ப்போம். திங்கள் மதியம் 2 மணிக்கு முட்டைக்குள் விந்தணு செலுத்தப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் காலை 7 மணிக்கு, அதாவது 17-வது மணியில், முட்டையின் நடுவில் இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி தெரிய வேண்டும். ஒன்று தாயின் குரோமோசோம்கள் உள்ள உட்கரு, மற்றது தந்தையுடையது. ஒரே வட்டம் தெரிந்தாலோ மூன்று தெரிந்தாலோ கருவுறுதல் முறையாக நடக்கவில்லை என்று பொருள். மூன்று வட்டம் உள்ள கருவில் குரோமோசோம் தொகுதி ஒன்று அதிகம். அதுவும் நன்றாகப் பிரிந்துகொண்டேதான் போகும். அதனால் இந்தச் சில மணி நேரத்தில் பார்க்கத் தவறினால், பிறகு பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு உட்கருக்களும் கலந்து ஒன்றாவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அவற்றின் சவ்வுகள் கரைகின்றன, குரோமோசோம்கள் நேராக முதல் பிரிவுக்கு அணிவகுக்கின்றன.

செவ்வாய் மாலை 4 மணியளவில் முதல் பிரிவு. புதன் காலை 10 மணிக்கு நான்கு செல், வியாழன் காலை 10 மணிக்கு எட்டு. இந்தப் பிரிவுகள் பார்க்க எளிமையாக இருந்தாலும் தவறுகள் அதிகம் நேர்வது இங்கேதான். ஒரு செல் இரண்டாகாமல் ஒரே வீச்சில் மூன்றாகப் பிரிந்தால், குரோமோசோம்கள் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருக்க வாய்ப்பில்லை. செல்லின் ஓரங்கள் பிய்ந்து உட்கரு இல்லாத துணுக்குகளாகக் கிடப்பதும் உண்டு. துணுக்குகள் கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. கருவின் பருமனில் கால் பங்குக்கு மேல் துணுக்குகளாகிவிட்டால் மிஞ்சும் செல்கள் மெலிந்துபோகின்றன.

புதன் முதல் வியாழன்வரை இன்னொரு பெரிய மாற்றம் நடக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. முதல் இரண்டு நாட்களும் கரு தன் சொந்த மரபணுக்களை ஏறக்குறைய பயன்படுத்துவதே இல்லை. முட்டை முதிரும்போது தாய் சேர்த்து வைத்த ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் வைத்தே காலத்தை ஓட்டுகிறது. அந்தச் சேமிப்பு தீரும் வேளையில், நான்கிலிருந்து எட்டுச் செல் நிலைக்குள், கருவின் மரபணுக்கள் விழித்துக்கொள்ள வேண்டும். இதை 1988-இல் பீட்டர் பிராட், வர்ஜீனியா போல்டன், ஸ்டீபன் மூர் ஆகியோர் காட்டினார்கள். விழித்துக்கொள்ளாத கரு அந்த இடத்திலேயே நின்றுவிடும். மூன்றாம் நாள் அழகாக எட்டுச் செல்லுடன் இருந்த கரு நான்காம் நாளும் அதே எட்டுச் செல்லுடன் இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் மூன்றாம் நாள் கருவின் தோற்றத்தை மட்டும் வைத்துப் பெரிதாக எதையும் முடிவு செய்ய முடியாது. அதுவரை நாம் பார்த்தது முட்டையின் தரத்தைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை 10 மணி, 92-வது மணி. செல்கள் 16-ஐத் தாண்டும் இந்த நிலைக்குப் பெயர் மொருலா. முந்தைய நாள்வரை தனித்தனி உருண்டைகளாகத் தெரிந்த செல்கள் இப்போது ஒன்றோடொன்று அழுந்தி, எல்லைக்கோடே தெரியாதபடி ஒரே உருண்டையாகிவிடும். எண்ணிப் பார்க்க முயன்றால் முடியாது. இப்படி இறுகுவதற்கு இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஈ-கட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம் செல்களைக் கோக்கிறது. அதற்குக் கால்சியம் தேவை, கால்சியம் இல்லாத திரவத்தில் வைத்தால் செல்கள் மறுபடி பிரிந்துவிடும். கூடவே ஒவ்வொரு செல்லின் வெளிப்பரப்பும் மயோசின் புரதத்தால் சுருங்கி, அண்டைச் செல்லை நெருக்கி இழுக்கிறது. இறுகும்போது சில செல்கள் சேராமல் வெளியே தள்ளப்படுவதையும் பார்க்கலாம். அவற்றில் பல குரோமோசோம் கோளாறு உள்ளவை.

இறுகியதால் கிடைப்பது, இதுவரை இல்லாத ஒன்று: உள்ளே, வெளியே என்ற வேறுபாடு. எட்டுச் செல் நிலையில் எல்லாச் செல்லும் வெளிப்புறம்தான். மொருலாவில் சில செல்கள் எல்லாப் பக்கமும் பிற செல்களால் சூழப்பட்டு உள்ளே மாட்டிக்கொள்கின்றன. வெளியே உள்ள செல்லுக்கு ஒரு பக்கம் வெறும் பரப்பு இருக்கும். அந்தப் பரப்பில் சில புரதங்கள் ஒருபுறமாகக் குவிகின்றன, அதைத் தொடர்ந்து யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து வெளிச்செல்லுக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. உள்ளே உள்ள செல்லில் யாப் உட்கருவுக்குள் போக முடிவதில்லை. வெளிச்செல்கள் பின்னாளில் நஞ்சுக்கொடியாக மாறும். உட்செல்களிலிருந்துதான் குழந்தை உருவாகும். இவ்வளவு பெரிய முடிவை எடுப்பது அந்தச் செல் இருக்கும் இடம். எனினும் மனிதக் கருவில் இது உடனே உறுதியாகிவிடுவதில்லை. ஐந்தாம் நாளில்கூட வெளிச்செல்லைப் பிரித்து நடுவில் வைத்தால் அது உட்செல்லாக மாற முடியும் என்று சோதனைகள் காட்டியுள்ளன.

ஒரே முட்டையிலிருந்து வரும் இரட்டையரின் கணக்கும் இங்கே விளங்கும். வெளியடுக்கு உருவாவதற்கு முன், முதல் மூன்று நாட்களுக்குள் கரு இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் தனக்கென நஞ்சுக்கொடியை உண்டாக்கிக்கொள்ளும். வெளியடுக்கு வந்த பிறகு உட்செல் திரள் மட்டும் பிரிந்தால் இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி.

சனிக்கிழமை காலை, 116-வது மணி. வெளிச்செல்கள் தங்களுக்கிடையே உள்ள இடுக்குகளை இறுக்கமாக அடைத்துக்கொண்டிருக்கும். பிறகு அவற்றின் உட்பக்கச் சவ்வில் உள்ள சோடியம் பம்புகள், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யைச் செலவழித்து, சோடியத்தை உள்நோக்கித் தள்ளுகின்றன. உப்பு போகும் பக்கம் தண்ணீர் தானே போகும். முதலில் செல்களுக்கு நடுவே சிறுசிறு குமிழ்களாகத் தேங்கும் நீர், பிறகு ஒன்றுசேர்ந்து ஒரே குழியாகிறது. இதுதான் பிளாஸ்டோசிஸ்ட். ஒரு பக்கம் ஒட்டிக்கிடக்கும் உட்செல் திரள், சுற்றிலும் ஒற்றை அடுக்காக வெளிச்செல்கள், நடுவே நீர். ஐந்தாம் நாளில் மொத்தம் சுமார் 60 செல் இருக்கும், ஆறாம் நாளில் 100-ஐ நெருங்கும் அல்லது தாண்டும். கருவின் அளவு முதன்முறையாகப் பெரிதாவதும் இப்போதுதான். அதுவும் செல்கள் வளர்ந்து அல்ல, உள்ளே சேரும் நீரின் அழுத்தத்தால்.

நீர் சேர்கிறதா என்பது கரு உயிரோடு இருக்கிறதா என்பதற்கே சோதனை. அடைப்பு சரியில்லாவிட்டால் குழி நிற்காது. பம்புக்கு ஆற்றல் இல்லாவிட்டால் நிரம்பாது. உறைய வைப்பதற்கு முன் பல ஆய்வகங்களில் லேசரால் வெளிச்செல்களுக்கிடையே சிறு துளை போட்டு இந்த நீரை வடித்துவிடுகிறார்கள், உள்ளே பனிக்கட்டி உருவாகாமல் இருக்க. உறைநிலையிலிருந்து எடுத்த சில மணி நேரத்தில் குழி மறுபடி நிரம்பினால் கரு பிழைத்துக்கொண்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

சிகிச்சை எடுப்பவர்களின் கையில் கிடைக்கும் அறிக்கையில் 4AB என்பதுபோல ஒரு குறி இருக்கும். முதல் எண், 1 முதல் 6 வரை, குழி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. 3 என்றால் குழி கருவை நிறைத்துவிட்டது, 4 என்றால் கரு விரிந்து ஸோனா மெலிந்துவிட்டது, 5 என்றால் உறையிலிருந்து வெளியேறத் தொடங்கிவிட்டது. அடுத்த எழுத்து உட்செல் திரளுக்கு, கடைசி எழுத்து வெளியடுக்குக்கு. நெருக்கமாக நிறையச் செல்கள் இருந்தால் A, தளர்வாகக் குறைவாக இருந்தால் B, மிகச் சிலவே என்றால் C. இது தோற்றத்துக்கான மதிப்பெண் மட்டுமே. 4AA வாங்கிய கருவிலும் குரோமோசோம் பிழை இருக்கலாம். தாயின் வயது 40-ஐத் தாண்டும்போது அதற்கான வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. வெளியடுக்கிலிருந்து 5 முதல் 10 செல்களை எடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. ஆனால் எடுத்தது நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள். பிழை பிந்தைய பிரிவு ஒன்றில் நேர்ந்திருந்தால், உட்செல் திரளில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஆய்வகத்தில் சரியாகக் கருவுற்ற முட்டைகளில் ஏறக்குறைய பாதிதான் பிளாஸ்டோசிஸ்ட் ஆகின்றன. பத்து முட்டை கருவுற்று ஐந்து பிளாஸ்டோசிஸ்ட் கிடைத்தால் ஆய்வகம் கெடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

உடலுக்குள் கரு நான்காம் நாளை ஒட்டி மொருலாவாகவோ குழி தொடங்கிய நிலையிலோ கருப்பைக்குள் வருகிறது. இரண்டு, மூன்று நாள் அங்கே மிதக்கிறது. உள்ளிருந்து வரும் அழுத்தமும் நொதிகளும் சேர்ந்து ஸோனாவில் திறப்பை உண்டாக்க, ஆறு, ஏழாம் நாளில் கரு அதிலிருந்து நழுவி வெளியே வருகிறது. உறை நீங்கினால்தான் ஒட்ட முடியும். கருக்குழாய் சேதமடைந்து பயணம் தாமதமாகும்போது, கரு குழாய்க்குள்ளேயே உறையை விட்டு வெளிவந்து அங்கேயே பதிந்துவிடலாம். கருக்குழாய்க் கர்ப்பம் இப்படித்தான் உண்டாகிறது.

கருப்பைச் சுவரைத் தொடுவது உட்செல் திரள் இருக்கும் பக்கம். அங்குள்ள வெளிச்செல்கள் ஒன்றாகக் கலந்து எல்லையற்ற ஒரு படலமாகி உட்சவ்வுக்குள் ஊடுருவத் தொடங்குகின்றன. கர்ப்பச் சோதனைகள் தேடும் எச்.சி.ஜி ஹார்மோன் தாயின் ரத்தத்தில் அளக்கும் அளவுக்கு வருவது கரு இப்படிப் பதிந்த பிறகுதான். பெரும்பாலான கர்ப்பங்களில் பதிதல் முட்டை வெளியான 8 முதல் 10 நாட்களுக்குள் நடக்கிறது. ஆகவே ஏழாம் நாளில் வீட்டில் சோதித்துப் பார்த்து ஒற்றைக் கோடு வந்தால், கரு இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அது இன்னும் மிதந்துகொண்டிருக்கலாம்.