ஒயின் பாட்டிலை ஃபிரிட்ஜில் எவ்வளவு நேரம் வைப்பது?

"சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்கிறார்கள். மே மாதத்தில் என் வீட்டு அறையே 32 டிகிரி. அப்படியே ஊற்றலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கூடாது. அந்த விதி பிறந்தது ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளில். அங்கே அறை என்றால் 16 முதல் 18 டிகிரிதான். 32 டிகிரியில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்கு அடியில் அமுங்கிவிடும். அதற்காக மிகவும் குளிரவைத்தாலும் சிக்கல். வாசனை மூலக்கூறுகள் ஆவியாவது குறையும், திராட்சைத் தோலிலிருந்து வரும் டானினின் துவர்ப்பு தூக்கலாகும். டானின் மிகக் குறைவான வெள்ளை ஒயினுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் புளிப்பு குளிரில்தான் நன்றாக இருக்கும் என்பதால் 8 முதல் 12 டிகிரி போதும். லாகர் வகை பீருக்கு 4 முதல் 7. பீரை இன்னும் குளிராகக் கேட்பவர்கள் உண்டு. நாக்கு மரத்துப்போகிற குளிரில் எந்த பீரும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது என் கருத்து. நல்ல ஏல் பீரை அப்படிக் குடிப்பது அதைக் காய்ச்சியவரின் உழைப்பை வீணாக்குவது. இங்கிலாந்தின் பப்களில் பீப்பாய் ஏலை 11, 12 டிகிரியில் ஊற்றுவது காரணத்தோடுதான்.

சரி, 32 டிகிரியில் இருக்கும் பாட்டிலை எப்படி அங்கே கொண்டுவருவது? பள்ளியில் படித்த நியூட்டனின் குளிர்தல் விதி இங்கே கைகொடுக்கும். பாட்டிலுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ, அதற்கேற்ற வேகத்தில் வெப்பம் வெளியேறும். அதனால் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அந்த வித்தியாசம் பாதியாகும். 750 மில்லி ஒயின் பாட்டிலுக்கு வீட்டு ஃபிரிட்ஜில் அந்த நேரம் சுமார் ஒன்றே கால் மணி.

ஃபிரிட்ஜ் 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வித்தியாசம் 28. ஒன்றே கால் மணி நேரத்தில் அது 14 ஆகும், அதாவது ஒயின் 18 டிகிரிக்கு வந்துவிடும். சிவப்புக்கு அது சரியான இடம். இன்னொரு ஒன்றே கால் மணியில் வித்தியாசம் 7, ஒயின் 11 டிகிரி. ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனே போன்ற கனமான வெள்ளைக்கு இதுவே போதும். மூன்றாவது சுற்றில் ஏழரை டிகிரி. முதல் சுற்றில் 14 டிகிரி இறங்கிய பாட்டில் மூன்றாவதில் மூன்றரைதான் இறங்குகிறது! 330 மில்லி பீர் கேனில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகம் என்பதால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனாலும் 5 டிகிரியைத் தொட ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? தடித்த கண்ணாடிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பாட்டிலின் மேற்பரப்பை ஒட்டி, அநேகமாக அசையாத ஒரு மெல்லிய காற்றுப் படலம் போர்வை போலப் போர்த்தியிருக்கிறது. வெப்பம் அதைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அந்தப் படலம் தரும் தடையோடு ஒப்பிட்டால் மூன்று மில்லிமீட்டர் கண்ணாடியின் தடை முப்பதில் ஒரு பங்குகூட வராது. ஒயினுக்குள் நிலைமை வேறு: சுவரோரம் குளிர்ந்த ஒயின் கனமாகிக் கீழே இறங்க, நடுவில் இருப்பது மேலே ஏறி, தானாகவே கலக்கிக்கொண்டிருக்கும். ஆகவே தாமதமெல்லாம் காற்றால்தான். பாட்டில்களை நெருக்கி அடுக்கினால் இருக்கிற கொஞ்சக் காற்றோட்டமும் நின்று, இன்னும் தாமதமாகும்.

காற்றை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தால்? தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த வாளியில் வெள்ளை ஒயின் அரை மணி நேரத்துக்குள் தயாராகிவிடும். வெறும் ஐஸ் கட்டிகள் மட்டும் போட்டால் இடைவெளிகளில் மறுபடி காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால் தண்ணீர் அவசியம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீருக்கு மேலே நிற்கும் கழுத்துப் பகுதி குளிராது, முதல் கிளாஸ் சூடாகவே வரும். எடுப்பதற்கு முன் பாட்டிலை ஓரிரு முறை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்தால் போதும். ஷாம்பெயின் மாதிரி நுரைக்கிற ஒயினுக்கு மட்டும் இது வேண்டாம்.

ஃப்ரீசரில் வைப்பவர்கள் கட்டாயம் அலாரம் வைக்க வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் சிவப்புக்கு அரை மணிக்குச் சற்று மேல், வெள்ளைக்கு ஒரு மணி நேரம். பீர் மைனஸ் இரண்டு, மூன்று டிகிரியிலேயே உறையத் தொடங்கும். உறையும்போது நீர் விரிவதால் இரண்டு மணி நேரம் மறந்துவிட்ட பாட்டில் வெடிக்கலாம்.

அப்புறம், 32 டிகிரி அறையில் ஊற்றிய கிளாஸ் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூடாகும். அதனால் வாசகருக்கு என் பதில்: சிவப்பை ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 16 டிகிரியில் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள், பாட்டிலைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள்.