புது ஹீட்டரைக் கணக்கில் ஏற்றினீர்கள், பழையதை இறக்கினீர்களா?

மார்ச் 31 கணக்கை முடித்துக்கொண்டு மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளின் சொத்துப் பதிவேடுகள் மேசைக்கு வரத் தொடங்கினாலே எனக்குத் தலைவலிதான். புதுச் சேர்க்கைகள் வரிசையாக இருக்கும். அகற்றல் நிரலில் மட்டும் வருடக்கணக்காக ஒரு கோடு. ரோலர் மாறியிருக்கிறது, மோட்டார் மாறியிருக்கிறது, ஆனால் பதிவேட்டின்படி எதுவும் வெளியே போகவில்லை. இந்த முறை ஹட்டன் பக்கத்தில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பார்த்தது அளவுக்கு மீறிப் போய்விட்டதால்தான் எழுதுகிறேன்.

அங்கே டிரையரின் ஹீட்டரை மாற்றியிருந்தார்கள். விறகில் எரியும் பழைய ஹீட்டரின் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, அடுப்புப் புகை சூடான காற்றோடு கலந்து டிரையருக்குள் போயிருக்கிறது. தேயிலையில் புகை வாடை அடிக்கிறது என்று புரோக்கரிடமிருந்து குறை வந்த பிறகு முழு ஹீட்டரையும் கழற்றிவிட்டுப் புதியது போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். டீமேக்கரின் புத்தகத்தில் அது 'ரிப்பேர்'. கணக்குப் பிரிவிலோ, கட்டிய 100 இலட்சத்தையும் டிரையரின் விலையோடு கூட்டி மூடிவிட்டார்கள்.

செலவாக எழுதாமல் சொத்தாக எழுதியது சரி. இரண்டு குழாய் மாற்றுவது, தீச்செங்கல் பூசுவது, ஃபேன் பெல்ட் போடுவது எல்லாம் அன்றாடப் பராமரிப்பு, நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போகும். முழு ஹீட்டரும் மாறி இன்னும் பல வருடம் உழைக்கும் என்றால் அது மூலதனச் செலவு. இதில் பெரும்பாலானவர்களுக்கு இப்போது குழப்பம் இல்லை.

குழப்பம் அடுத்த அடியில். "பழைய ஹீட்டரை எடுத்தீர்களா?" என்று கேட்டேன். "அது தனியாகப் பதிவேட்டில் இல்லையே சேர், எதை எடுப்பது?" என்றார் கணக்குப் பார்ப்பவர். இந்தப் பதிலை எத்தனை தொழிற்சாலைகளில் கேட்டுவிட்டேன்! தனியாகப் பதியாதது உங்கள் வசதிக்காக. அதற்காக அந்த ஹீட்டர் இன்னும் டிரையரோடு ஒட்டிக்கொண்டா இருக்கிறது? 2014இல் டிரையர் வாங்கியபோது கட்டிய விலைக்குள் அதன் விலையும் இருந்தது. இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 16 இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது: மாற்றப்பட்ட பாகத்துக்குத் தனியாகப் பெறுமானத் தேய்வு போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, அதன் ஏட்டுப் பெறுமதியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஒரு டிரையருக்கு இரண்டு ஹீட்டர் கணக்கில் நிற்கும்.

"சரி, எவ்வளவு என்று எப்படித் தெரியும்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பழைய விலைச்சிட்டையில் டிரையரும் ஹீட்டரும் சேர்த்து ஒரே தொகை, 240 இலட்சம். பிரித்து எழுதவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு நியமமே ஒரு வழி விடுகிறது: பழைய பாகத்தின் பெறுமதியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாது என்றால், புதிய பாகத்தின் விலையைப் பழையதன் அன்றைய விலைக்கு ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

'அறிகுறி' என்ற சொல்லைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இன்றைய 100 இலட்சத்தை அப்படியே 2014இன் விலை என்று வைத்தால் என்ன ஆகும்? 240 இலட்சம் டிரையரில் ஹீட்டர் மட்டும் 100 இலட்சம் என்றாகிவிடும். டிரையர் விற்கும் எவரும் சிரிப்பார். 2014இல் டொலர் 130 ரூபா அளவில் இருந்தது. 2022இன் சரிவுக்குப் பிறகு, ஹீட்டரை மாற்றிய 2024 ஏப்ரலில் கிட்டத்தட்ட 300 ரூபா. அந்த விகிதத்தில் 100 இலட்சத்தைக் குறைத்தால் 43 இலட்சம் சொச்சம் வருகிறது. இந்த ஒரு வழியை மட்டும் நான் நம்புவதில்லை, ஹீட்டரின் விலை முழுவதும் டொலரோடு ஏறி இறங்குவது இல்லையே. அதனால் விற்பனையாளரிடம் முழு டிரையருக்கும் இன்றைய விலை கேட்கச் சொன்னேன். 550 இலட்சம் என்றார். அதில் ஹீட்டர் 100, அதாவது 18 சதவீதத்துக்குச் சற்று மேல். 240 இலட்சத்தில் அதே பங்கு 44 இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து முட்டியதால் 44 இலட்சம் என்று முடிவு செய்து, கணக்கிட்ட தாளைக் கோப்பில் வைத்தோம். அந்தத் தாள் இல்லாத மதிப்பீட்டை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார்.

மிச்சம் சுலபம். டிரையருக்கு ஆயுள் 20 வருடம், எச்சப் பெறுமதி இல்லை. 2014 ஏப்ரலிலிருந்து 2024 ஏப்ரல் வரை 10 வருடம் போய்விட்டது. ஆகவே 44 இலட்சத்தில் பாதி தேய்ந்துவிட்டது, மீதி ஏட்டுப் பெறுமதி 22 இலட்சம். சொத்திலிருந்து 44, திரண்ட பெறுமானத் தேய்விலிருந்து 22, இரண்டையும் எடுக்க வேண்டும். பழைய இரும்பாக விற்றதில் 2 இலட்சம் கிடைத்தது. நட்டம் 20 இலட்சம். அந்த 2 இலட்சத்தை ஏற்கெனவே 'ஏனைய வருமானம்' என்று போட்டிருந்தார்கள், அதைத் திருத்த வேண்டியதாயிற்று. இரும்பு விற்ற காசை ஏட்டுப் பெறுமதியோடு நேர்செய்த பிறகுதான் இலாபமா நட்டமா என்று தெரியும்.

இருபது இலட்சம் நட்டம் என்றதும் முதலாளியின் முகம் மாறிவிட்டது. "புது மெஷின் போட்டதற்கு நட்டமா?" என்று கேட்டார். புதிதைப் போட்டதால் வந்த நட்டம் இல்லை இது. பத்து வருடத்தில் எரிந்து தீரும் ஹீட்டருக்கு இருபது வருட ஆயுள் கொடுத்து, வருடா வருடம் தேய்வைக் குறைத்தே காட்டிவந்திருக்கிறார்கள். விட்டுப்போனதெல்லாம் இப்போது ஒரேயடியாக வந்து நிற்கிறது. முதல் நாளே ஹீட்டரைத் தனிப் பாகமாக வைத்துப் பத்து வருடத்தில் தேய்த்திருந்தால் ஏட்டில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது, இரும்புக் காசு 2 இலட்சமும் இலாபமாகவே வந்திருக்கும்.

அதே தவறைப் புதிய ஹீட்டரில் செய்யாதீர்கள், தயவுசெய்து. அதைத் தனி வரியில் பதியுங்கள். ஆயுள் எத்தனை வருடம் என்று கணக்குப் பிரிவு யோசித்துச் சொல்லக்கூடாது, டீமேக்கரைக் கேளுங்கள், குழாயைப் பார்ப்பவர் அவர்தான். இங்கே அவர் பத்து என்றார். டிரையருக்கும் மீதி பத்து என்பதால் வருடம் 10 இலட்சம் தேய்வு. டிரையருக்கு மீதி ஆறு வருடம்தான், ஹீட்டரை வேறு டிரையரில் பொருத்தவும் முடியாது என்றால் ஹீட்டருக்கும் ஆறுதான்.

வரிக்கணக்கு வேறு பாதை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டத்தின்படி அதைத் தனியாகப் போட வேண்டும். "வரிக்கு இப்படித்தான்" என்று சொல்லி ஏட்டுக்கணக்கை வளைக்காதீர்கள்.

'ஸ்பெயாராக இருக்கட்டும்' என்று பழையதைத் தொழிற்சாலைக்குப் பின்னால் போட்டு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழாய் ஓட்டையான ஹீட்டர் ஸ்பெயார் ஆகாது. இனி அதிலிருந்து பயன் வராது என்று தெரிந்த அன்றே கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், பழைய இரும்புக்காரர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அவர் வரும்போது எடை போட்ட சீட்டும் கேட் பாஸின் பிரதியும் அன்றைக்கே கணக்குப் பிரிவுக்கு வர வேண்டும். நாங்கள் கணக்காய்வுக்கு வந்தால் முதலில் கேட்பது அந்தக் கேட் பாஸ் புத்தகத்தைத்தான். அதில் இரும்பு வெளியே போயிருந்து, பதிவேட்டின் அகற்றல் நிரலில் கோடு மட்டும் இருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னேயே உங்களைக் கூப்பிடுவோம்.