தையல் தெரியும், மெஷினும் வாங்கியாச்சு, வீட்டில்தான் ஒத்துக்கொள்ளவில்லை

ஆறு மாதம்கூட ஓடாத இன்னொரு தையல் மெஷின் விற்பனைக்கு வந்திருக்கிறது. உறை பிரித்த வாசனைகூடப் போகவில்லை. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் ஒரு மாதம் கட்டணமில்லாமல் தையல் படித்து, நன்றாக வெட்டவும் தைக்கவும் தெரிந்த பெண்ணின் மெஷின் அது. விற்கக் காரணம் கேட்டால் வழக்கமான பதில்தான்: “வீட்ல வேணாம்னுட்டாங்க.” தைக்கத் தெரியாமல் தொழிலை விட்டவர்களைவிட இப்படி விட்டவர்களையே தையல் பயிற்சி தருகிறவர்கள் அதிகம் பார்க்கிறோம்.

எரிச்சல் வருவது குடும்பத்தின் மேல் மட்டுமல்ல. கேட்கும் விதமும் தவறாக இருக்கிறது. ஏறக்குறைய எல்லாரும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: “மாசம் பதினஞ்சாயிரம் வரும்.” பெரிய தொகையைச் சொன்னால் வீடு தலையாட்டும் என்ற நம்பிக்கை. தயவுசெய்து இதை விடுங்கள். வீட்டார் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “நம்ம வீட்டுப் பொண்ணு ஊரார் துணியைத் தைக்கணுமா?” என்பது மாமனார் கேட்பது. “புள்ளைங்க படிப்பை யாரு பார்க்கிறது?” என்பது கணவர் கேட்பது. இந்த இரண்டுக்கும் பதினைந்தாயிரம் பதில் ஆகாது. தொகை பெரிதாகப் பெரிதாக, “அப்போ என் சம்பாத்தியம் பத்தலைன்னு சொல்றியா?” என்று கணவர் காதில் விழுகிறது. அவ்வளவு பணம் வர வேண்டுமானால் நாள் முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து போவார்கள் என்று மாமனார் கணக்குப் போடுகிறார். அவருடைய கணக்கு சரிதான். மூன்றாம் மாதம் உண்மையில் மூவாயிரம்தான் வந்திருக்கும்போது, சொன்னது பொய் என்றும் ஆகிவிடுகிறது.

இரண்டாவதாக நாக்கில் வரும் சொல், “சும்மா இருக்கிற நேரத்துலதானே தைக்கப் போறேன்.” சமையல், துணி, பாத்திரம், பள்ளிக்கூடப் பை என்று ஓடும் வீட்டில் சும்மா இருக்கிற நேரம் எது? அப்படி ஒரு நேரம் இல்லை என்பது மாமியாருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். குழம்பு ஒரு நாள் தாமதமானால் போதும், பழி மெஷின் மேல் விழும். நேரத்தைக் கடிகாரத்தில் சொல்லுங்கள். எந்த மணிக்கு ஆரம்பம், எந்த மணிக்கு மூடல், அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலை எங்கே போகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. ஓய்வுபெற்ற மாமனார், மாமியார், மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் பிள்ளைகள். ஒன்பது மணிக்குக் கணவரும் பிள்ளைகளும் கிளம்பிவிடுகிறார்கள், நாலேகாலுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். தையல் நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்தரை முதல் ஒரு மணி. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் மதியச் சமையலை முடித்துவிட வேண்டும். துணி மடிப்பது மாலைக்குப் போகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் மெஷின் உறையை எடுப்பதில்லை. பிள்ளைகளின் கவனம் சிதறும் என்ற பயத்துக்கு இந்த உறை ஒன்றே போதுமான பதில், ஏனென்றால் அதை வீட்டில் எல்லாரும் கண்ணால் பார்க்கலாம்.

இந்த நேரத்துக்குள் எத்தனை முடியும்? புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஒரு லைனிங் பிளவுஸுக்கு வெட்ட அரை மணி, மெஷினில் ஒன்றரை மணி, ஹெம்மிங்கும் ஊக்கும் சேர்த்துக் கைவேலை நாற்பது நிமிடம் பிடிக்கும். வாரத்தில் பன்னிரண்டரை மணி நேரம் இருக்கிறது, எனவே நான்கு பிளவுஸ். ஐந்து என்று எழுதாதீர்கள். மிச்ச நேரம் பிரித்துத் தைக்கவே போய்விடும்.

பணக் கணக்கை அதன் பிறகு எழுதுங்கள். லைனிங்கோடு சேர்த்துக் கூலி 300 ரூபாய் என்று வைத்தால், லைனிங் துணி, நூல், ஊக்கு எல்லாம் சுமார் 80 ரூபாய். கையில் நிற்பது 220. வாரம் 880, மாதம் மூவாயிரத்து ஐந்நூறை ஒட்டி. இந்தச் சின்னத் தொகையைத்தான் வீட்டில் சொல்ல வேண்டும். கரண்ட் பில் பேச்சு வந்தால், வீட்டு மெஷினின் சின்ன மோட்டார் சுமார் 100 வாட் என்று சொல்லுங்கள். பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. நகையை அடகு வைத்துப் புது மெஷின் வாங்கிவிட்டு, பிறகு சம்மதம் கேட்காதீர்கள். ரகசியம் வெளிப்பட்ட வீட்டில் பேச்சு தையலைப் பற்றி இருக்காது, நகையைப் பற்றியே இருக்கும். பழைய கால்மெஷின் நான்கைந்தாயிரத்துக்குக் கிடைக்கும். ஐயாயிரம் என்றால் இருபத்து மூன்று பிளவுஸில், அதாவது ஆறாவது வாரத்தில் முதல் திரும்பிவிடும். சரிப்படவில்லை என்றால் வாங்கிய விலையை ஒட்டி விற்றும் விடலாம். இதையும் நோட்டில் எழுதுங்கள். வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் சந்தேகக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார். முதல் மூன்று மாதம் கடன் வேண்டவே வேண்டாம். முத்ராவில் சிசு பிரிவில் 50,000 வரை அடமானமில்லாமல் தருகிறார்கள்தான், ஆனால் தவணைத் தேதி வந்துவிட்டால் பத்தரை முதல் ஒரு மணி என்ற ஏற்பாடு நிற்காது.

இனி கௌரவம். “நாலு பேர் என்ன சொல்வாங்க?” என்றால், கோபப்படாமல் அந்த நாலு பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சம்பந்தி வீடு, ஒரு பங்காளி வீடு, எதிர்வீடு என்று நின்றுவிடும். அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று வீடு பயப்படுவது தையலை அல்ல. வாசலில் நின்று “இருபது ரூபா குறைச்சுக்கோ” என்று யாரோ பேரம் பேசுவதையும், நேரங்கெட்ட நேரத்தில் கதவு தட்டப்படுவதையும், துணி கெட்டுப்போனால் தெரு கேட்க நடக்கும் சண்டையையும்தான். இந்த மூன்றையும் முன்கூட்டியே அடைத்துவிடலாம்.

பேரத்துக்கு விலை அட்டை. சாதா, லைனிங், ஃபால்ஸ், ஆல்டரேஷன் என்று எழுதி மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். வரவுக்கு நாள்: துணி வாங்குவது திங்கள், கொடுப்பது வெள்ளி, இரண்டும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள். அளவு ஜாக்கெட் இல்லாமல் துணி வாங்காதீர்கள். அது இருந்தால் உடம்பில் அளவெடுக்கவோ போட்டுப் பார்க்கவோ ஆட்கள் உள்ளறை வரை வர வேண்டியதில்லை. முன்கூடத்தில் ஒரு நாற்காலி போதும்.

சண்டை வராமல் இருக்க, முதல் பன்னிரண்டு வாரம் பட்டு வேண்டாம், ஆரி வேலை வேண்டாம். பட்டுப் பிளவுஸ் துணியைக் கழுத்தில் அரை இன்ச் அதிகம் வெட்டிவிட்டால் அதே நிறத்தில் வேறு துணி எங்கே தேடுவீர்கள்? லைனிங்கை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இதைப் பயிற்சியில் தொண்டை வறளச் சொல்கிறோம், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறீர்கள். நனைக்காத லைனிங் முதல் துவையலில் சுருங்கி மேல்துணியை இழுத்துக்கொள்ளும், வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் வந்து நிற்பார். அளவு ஜாக்கெட் இப்போதும் சரியாக இருக்கிறதா என்று கேட்டு, “கொஞ்சம் லூசா” என்றால் எத்தனை இன்ச் என்று எழுதி, அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர் துணியில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். கூலி வராது, குறை மட்டும் வரும். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஆளுக்கொன்று தைத்துக் கொடுப்பதோடு சரி. கச்சிதமாக விழுந்த ஒரு ஜாக்கெட்டை மாமியார் கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போனால், “யாரு தைச்சா?” என்ற கேள்வி அவரிடம்தான் வரும்.

உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். udyamregistration.gov.in தளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து இலவசமாகச் செய்யலாம், தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். கணவரையோ மாமனாரையோ பக்கத்தில் உட்காரவைத்துப் பதிவு செய்வது நல்லது. “துணி தைக்கிறா” என்று சொல்லக் கூசுகிறவருக்கு, மத்திய அரசின் சான்றிதழில் பெயர் இருந்தால் “தொழில் பதிவு பண்ணியிருக்கா” என்று சொல்ல முடிகிறது. இதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம், ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் இது வேலை செய்கிறது.

யாரிடம் முதலில் பேசுவது? கணவரிடம் போனால் “அம்மாகிட்ட கேளு” என்பார். பத்தரை முதல் ஒரு மணிக்குள் யாருடைய வேலை கூடுகிறதோ அவரிடம் முதலில் பேசுங்கள், அநேகமாக மாமியார். எந்த வேலையை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள், எதை அவர் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வரும் பணம் யார் கணக்கில் சேரும், வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். முதல் கூலி கைக்கு வந்தபின் பேசினால் அது தகராறு. எல்லாரும் கூடியிருக்கும் விசேஷ நாளில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பத்து பேர் முன்னால் சொன்ன “முடியாது”வை ஒருவரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேட்க வேண்டியது நிரந்தரச் சம்மதம் அல்ல, பன்னிரண்டு வாரம். ஆடியில் ஆரம்பியுங்கள். கல்யாணம் இல்லாத மாதம், அவசரத் துணி குறைவு, கை பழகும். ஆவணி முகூர்த்தங்களில் ஆட்கள் வருவார்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அந்த இரண்டு வாரமும் நான்குக்குப் பதில் இரண்டு பிளவுஸ் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், அதன்படியே நடந்துகொள்ளுங்கள். புரட்டாசியில் தீபாவளித் துணி குவியத் தொடங்கும். வீடு மறுபடி “வேண்டாம்” என்பது அநேகமாக இங்கேதான். வாரத்துக்கு நான்கு என்பது ஒன்பதாகி, ராத்திரி பதினோரு மணிக்கு மெஷின் சத்தம் கேட்டு, பிள்ளைகள் தூங்காமல் இருந்தால், மாமனார் ஆடியில் சொன்னது அப்படியே பலித்துவிடுகிறது. நோட்டில் அந்த வாரத்துக்கு நாலாவது பெயர் ஏறியதும் “அடுத்த வாரம்தான்” என்று சொல்லிவிடுங்கள். ஒரு வாடிக்கையாளர் போனால் போகட்டும்.

இடையில் இரண்டு அறிகுறிகளைக் கவனியுங்கள். மாமியார் அக்கம்பக்கத்தில் “சும்மா பொழுதுபோக்குக்குத் தைக்கிறா” என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள். அது அவர் தமக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட சமாதானம். ஆனால் தினமும் பதினோரு மணிக்கு ஏதாவது ஒரு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், மெஷின் மேல் மடிக்காத துணி ஏறி உட்காருகிறது என்றால் சம்மதம் வாயளவில்தான் இருக்கிறது. சண்டை போடாமல் அந்த நேரம் யாருக்கு இடிக்கிறது என்று கேட்டு, இரண்டு முதல் நாலு மணிக்கு மாற்றிப் பாருங்கள்.

நோட்டும் கணக்கும் உதவாத வீடுகளும் உண்டு. கூலியைப் பிடுங்கிக்கொள்வது, போனைப் பறிப்பது, மிரட்டுவது என்று இருந்தால் அது கௌரவப் பிரச்சினையே அல்ல. அங்கே விலை அட்டை ஒட்டச் சொல்வது அநியாயம். பெண்களுக்கான உதவி எண் 181.

பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் நோட்டைத் திறந்து வையுங்கள். தேர்வு வாரங்களில் குறைத்தது போக 44 பிளவுஸ், கையில் நின்றது 9,680 ரூபாய், மெஷினுக்கு ஐயாயிரம் போக 4,680. பக்கத்திலேயே பிள்ளைகளின் காலாண்டு மதிப்பெண் பட்டியலையும் வையுங்கள், குறைந்திருந்தாலும் வையுங்கள். அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற பேச்சை, இந்த முறை மாமனாரை ஆரம்பிக்க விடுங்கள்.